42 வாட்‑அவர் என்றால் மதியச் சாப்பாடு வரை: லேப்டாப் ஸ்பெக்கை நாலு வரி கேப்ஷனாக்குவது

ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட ஒரு லேப்டாப்பின் பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரம் ஏறக்குறைய இப்படி இருக்கும். பிராண்டு எதுவானாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

```
Intel Core i5-1235U, up to 4.4 GHz
8 GB DDR4-3200 (1 x 8 GB)
512 GB NVMe SSD
15.6" FHD, 250 nits, 45% NTSC
42 Wh battery, 65 W adapter
Wi-Fi 6, HDMI, USB-C (data only)
1.7 kg, Windows 11 Home
```

ஊரில் உள்ள கடைக்காரர் இதை அப்படியே தட்டி, முன்னும் பின்னும் நெருப்புப் படம் வைத்து இன்ஸ்டாவில் போடுவார். ஒரு வாரத்தில் வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: "பிரைஸ்?", "காலேஜ் பையனுக்கு ஆகுமா?", "நாலு வருஷம் தாங்குமா தம்பி?" விலையைத் தவிர மற்றக் கேள்விகளுக்கான பதில் மேலே உள்ள ஏழு வரிக்குள்ளேயே இருக்கிறது. கேட்டவருக்குத்தான் அது தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

ஸ்பெக் பட்டியல் இரண்டு இயந்திரங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்காகச் செய்யப்பட்டது. அதனால்தான் பிராசசர் முதலிலும் எடை கடைசியிலும் வருகின்றன. வாங்குகிறவரின் கவலை அந்த வரிசையில் இருப்பதில்லை. கேப்ஷன் எழுதும்போது முதலில் கலைக்க வேண்டியது அந்த வரிசையைத்தான். கலைப்பதற்கு, யாருக்காக எழுதுகிறோம் என்று ஒருவரை முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக எழுதினால் "அருமையான பெர்ஃபார்மன்ஸ்" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது.

இங்கே பொறியியல் முதலாண்டு சேரும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஹாஸ்டலில் தங்குகிறார், பணம் அப்பா கொடுக்கிறார். போஸ்ட்டைப் பார்ப்பவர் பிள்ளை, முடிவெடுப்பவர் அப்பா. பிள்ளைக்கு வேண்டியது பாட வேலைகள் இதில் ஓடுமா, சுமக்க முடியுமா என்பது. அப்பாவுக்கு வேண்டியது இரண்டு வருடத்தில் மறுபடி செலவு வைக்குமா என்பது. கேப்ஷன் இந்த இருவருக்கும் பதில் சொன்னால் போதும்.

ஒரு எண்ணைப் பயனாக மாற்றுவது உண்மையில் ஒரு வகுத்தல் கணக்கு. 2001 அக்டோபரில் ஆப்பிள் முதல் ஐபாடை அறிமுகப்படுத்தியபோது, அதன் 5 ஜிபி வட்டை "ஆயிரம் பாட்டு" என்று சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் அடியில் இருந்த கணக்கை அதிகம் பேர் போட்டுப் பார்ப்பதில்லை. 160 கிலோபிட்டில் பதிந்த எம்பி3, ஒரு பாட்டு நாலு நிமிடம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 4.8 எம்பி வரும். ஆயிரம் பாட்டுக்கு 4.8 ஜிபி. அந்த வாக்கியம் கேட்க எளிமையாக இருந்தது; கணக்கிலும் நின்றது. கடை கேப்ஷன்களில் முதல் பாதியை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நம் பட்டியலில் இந்தக் கணக்கு நன்றாகப் பலிக்கும் இடம் பேட்டரி. 42 வாட்‑அவர் என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் போல. எவ்வளவு நேரம் வரும் என்பது குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த வகை லேப்டாப்பில் வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, வைஃபையில் பிடிஎஃப் படித்து, குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தால் சுமார் 8 வாட் செலவாகும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வீடியோ காலும் கோடு கம்பைல் ஆவதும் சேர்ந்து ஓடினால் 15 வாட் வரை போகும். அப்போது மூன்று மணி நேரம்கூட முழுதாக வராது. விளம்பரங்களில் வரும் "எட்டு மணி நேரம்", "பத்து மணி நேரம்" எல்லாம் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து ஒரே வீடியோவை ஓட்டி அளந்தவை. அந்த எண் பொய்யாக இருக்காது. ஆனால் வகுப்பில் அந்த மாதிரி யாரும் பயன்படுத்துவதில்லை.

ஐந்து மணி நேரம் என்று எழுதிவிடலாமா? எழுதினால் முதல் வருடம் சரியாக இருக்கும். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியபின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது சகஜம். தினமும் சார்ஜ் போடும் மாணவருக்கு இரண்டாவது வருடத்தில் 42 என்பது 34 பக்கம் வந்துவிடும். அப்போது அதே 8 வாட்டில் நாலு மணி நேரம்தான். ஆகவே நான் நாலு மணி நேரத்தைத்தான் எடுப்பேன். அதையும் மணிக்கணக்காக எழுத மாட்டேன். காலை ஒன்பதுக்கு முதல் வகுப்பு, பன்னிரண்டரைக்கோ ஒன்றுக்கோ சாப்பாடு. "காலையில் முழு சார்ஜோடு கிளம்பினால் மதியச் சாப்பாடு வரை சார்ஜர் வேண்டாம்" என்பது அந்த நாலு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. வாங்கியவர் வகுப்பில் உட்கார்ந்தபடியே இதைச் சரிபார்த்துக்கொள்வார். சரியாக இருந்தால் அடுத்த வருடம் ஜூனியரை அதே கடைக்கு அனுப்புவார்.

இந்த 8 வாட்டைக் கடையிலேயே உறுதி செய்துகொள்ளலாம். டெமோ மெஷினை முழு சார்ஜ் ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியாக்கி, பிரவுசரும் பிடிஎஃப்பும் திறந்து, ஒரு மணி நேரம் அவ்வப்போது நகர்த்திக்கொண்டே இருங்கள். இருபது சதவீதம் இறங்கினால் கணக்கு சரி. முப்பத்தைந்து இறங்கினால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். பேட்டரி உண்மையிலேயே 42 வாட்‑அவர்தானா என்று பார்க்க கமாண்ட் பிராம்ப்டில் இதை அடிக்கலாம்:

```
powercfg /batteryreport
```

இது ஒரு எச்டிஎம்எல் கோப்பை உருவாக்கும். அதில் `DESIGN CAPACITY` என்ற இடத்தில் 42,000 mWh-ஐ ஒட்டிய எண் இருக்க வேண்டும். பக்கத்திலேயே `FULL CHARGE CAPACITY` இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி அதிகம் என்றால் அந்த மெஷின் கடையில் ரொம்ப நாள் ஓடியிருக்கிறது என்று பொருள். பழைய லேப்டாப் விற்பவர்களுக்கு இந்த ஒரு பக்கமே பாதி கேப்ஷனை எழுதிக் கொடுத்துவிடும்.

பேட்டரி வரி எடை வரியையும் இழுத்து வருகிறது. 1.7 கிலோ என்பது தனியே லேசும் இல்லை, பாரமும் இல்லை. 65 வாட் சார்ஜரும் அதன் வயரும் சேர்ந்தால் பையில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. காலை வகுப்புக்குச் சார்ஜரை ஹாஸ்டலிலேயே விட்டுப் போகலாம் என்பதில்தான் எடையும் பேட்டரியும் ஒன்று சேர்ந்து ஒரு பயனாகின்றன. இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. யூஎஸ்பி‑சி துளையைப் பார்த்ததும் "டைப்‑சி சார்ஜிங்" என்று எழுதத் தோன்றும். நம் பட்டியலில் அது டேட்டாவுக்கு மட்டும். செல்போன் சார்ஜரை அதில் செருகினால் ஒன்றும் ஏறாது. இந்த ஒரு சொல்லால் திரும்பி வரும் வாடிக்கையாளர் நியாயமாகவே கோபத்தோடு வருவார்.

அடுத்தது ராம். "8 ஜிபி ராம், ஹேங் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்பது கடை கேப்ஷன்களின் நிரந்தர வரி. விண்டோஸ் 11 எழுந்து நின்றதுமே மூன்று முதல் நாலு ஜிபி வரை எடுத்துக்கொண்டுவிடும். மிச்சத்தில் குரோம், கோடு எழுத ஒரு ஐடிஇ, ஒரு வீடியோ கால் என்று திறந்தால் நெருக்கடி தொடங்கும். எனவே 8 ஜிபியைப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் `1 x 8 GB` என்பதில்தான் அப்பாவுக்கான பதில் ஒளிந்திருக்கிறது. ஒரே குச்சிதான் போட்டிருக்கிறார்கள். இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், இரண்டாவது வருடம் வேலை கூடும்போது இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்கிக்கொள்ளலாம், புது லேப்டாப் வேண்டியதில்லை. "நாலு வருஷம் தாங்குமா" என்ற கேள்விக்கு இந்தப் பட்டியல் தரும் நேர்மையான பதில் இதுதான்.

"இருந்தால்" என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஒரே மாடல் பெயரில் ஸ்லாட் உள்ள வகையும், ராமை போர்டிலேயே பற்றவைத்த வகையும் வரும். டாஸ்க் மேனேஜரில் `Performance`, `Memory` என்று போனால் `Slots used: 1 of 2` போல ஒரு வரி காட்டும். அதை மட்டும் நம்பக் கூடாது. பற்றவைத்த ராமையும் அது ஸ்லாட் கணக்கில் சேர்த்துவிடும். கீழே `Form factor` என்ற இடத்தில் `SODIMM` என்று இருந்தால் கழற்றக்கூடிய குச்சி. `Row of chips` என்றால் பற்றவைத்தது. பிறகு அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இரண்டாவது ஸ்லாட் உண்டா என்று பார்த்துவிட்டு எழுதினால் பிழை வராது.

இந்த ஒற்றைக் குச்சி இன்னொரு இடத்திலும் கையைக் கடிக்கும். i5-1235U சிப்பின் கிராஃபிக்ஸை இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரில் சொல்கிறது. அந்தப் பெயர் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ராம் ஓடும்போது மட்டும்தான். ஒரே குச்சி இருந்தால் அதே சிப் டிவைஸ் மேனேஜரில் வெறும் `Intel UHD Graphics` என்று நிற்கும், வேகமும் குறையும். இணையத்தில் சிப்பின் விவரத்தைத் தேடி ஐரிஸ் எக்ஸ்இ என்று கேப்ஷனில் எழுதியவர், வாங்கியவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேப்ஷனில் கிராஃபிக்ஸ் பெயரே வேண்டாம் என்பது என் கருத்து. விளையாட்டு விளையாடுகிறவர்கள் அதைப் பார்த்து ஏமாறுவார்கள், மற்றவர்களுக்கு அது எதுவும் சொல்லாது.

பிராசசருக்கு வருவோம். "ஐ5" என்ற சொல்லைத் தனியே வைத்துப் பயன் எதுவும் எழுத முடியாது. 2016-இல் வந்த i5-7200U-வில் இரண்டு கோர். 2022-இல் வந்த i5-1235U-வில் பத்து. அவற்றிலும் இரண்டு பெரியவை, எட்டு சிக்கனமானவை. இரண்டும் ஐ5தான். கடைசியில் உள்ள U என்ற எழுத்து, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை என்று சொல்கிறது. அதனால்தான் மதியச் சாப்பாட்டுக் கணக்கு பலித்தது. ஆக, பிராசசரின் ஒரு பயனை ஏற்கெனவே சொல்லிவிட்டோம். மீதி இருப்பது என்னென்ன மென்பொருள் ஓடும் என்பது. அதை ஊகித்து எழுத வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் உள்ள மென்பொருளின் பெயரை எடுத்து, அதைத் தயாரிப்பவர் கேட்கும் குறைந்தபட்சத் தேவையோடு ஒப்பிட்டால் போதும். ஆட்டோகேடின் அண்மைப் பதிப்புகள் குறைந்தபட்சம் 8 ஜிபி ராம் கேட்கின்றன. பரிந்துரைப்பது அதைவிடப் பல மடங்கு. ராமைப் பொறுத்தவரை நம் மெஷின் அந்த அடிக்கோட்டில் நிற்கிறது. முதலாண்டின் 2டி வரைபடத்துக்கு ஆகும். பெரிய 3டி அசெம்ப்ளியைத் திறந்தால் மூச்சு வாங்கும். பைதானுக்கும் சி மொழிப் பயிற்சிக்கும் இது தாராளம்.

திரையில் ஃபுல் எச்டி என்பதைத் தவிர மற்ற இரண்டு எண்களும் சாதாரணம்தான். 250 நிட்ஸ் வெளிச்சம் அறைக்குள் போதும், ஹாஸ்டல் மொட்டை மாடியில் பகலில் எழுத்து தெரியாது. என்டிஎஸ்சியும் எஸ்ஆர்ஜிபியும் திரை எத்தனை நிறம் காட்டும் என்பதை அளக்கும் இரண்டு அளவுகோல்கள். 45 சதவீத என்டிஎஸ்சி என்பது எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய 62 சதவீதம். சிவப்பும் பச்சையும் கொஞ்சம் வெளிறித் தெரியும். கோடு எழுதுகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைக்கு இதை விற்கக் கூடாது, கேட்டு வந்தாலும். இந்த வரியில் பயன் ஒன்றும் இல்லை என்பதால் கேப்ஷனில் அதற்கு இடம் இல்லை. "துல்லியமான நிறங்கள்" என்று எழுதாமல் இருப்பதே இங்கே செய்ய வேண்டிய வேலை.

எஸ்எஸ்டி பற்றி ஒன்றே ஒன்று. 512 ஜிபி என்று வாங்கியவர் வீட்டில் திறந்தால் விண்டோஸ் 476 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. அதற்கு மேல் விண்டோஸும் தனக்கு இடம் பிடித்துக்கொள்ளும். எனவே "512 ஜிபி முழுசும் உங்களுக்கே" என்ற மாதிரி வரிகள் வேண்டாம்.

இப்போது கேப்ஷனின் அளவு. இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்துக்குறி வரை அனுமதித்தாலும், தட்டாமல் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். தமிழில் எழுதுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினியின் எண்ணிக்கையில் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். "லேப்டாப்" நமக்கு நாலு எழுத்து, யூனிகோடு கணக்கில் எட்டு. ஆகவே ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் எழுத்து அளவுகளைத் தமிழில் நம்பி எழுதினால் வாக்கியம் நடுவில் வெட்டுப்படும். மிக வலுவான பயன் எதுவோ அது முதல் வரியிலேயே முழுதாக முடிந்துவிட வேண்டும். வணக்கம், பண்டிகை வாழ்த்து, கடை பெயர் எல்லாம் அதன் பிறகு வரட்டும்.

எல்லாம் சேர்த்தால் இப்படி வரும்:

"காலையில் முழு சார்ஜோடு கிளம்பினால், மதியச் சாப்பாடு வரை சார்ஜர் வேண்டாம்.
பைதான், சி, முதலாண்டு ஆட்டோகேட் 2டி வரைபடம் எல்லாம் ஓடும். ராம் இப்போது 8 ஜிபி. ஒரு ஸ்லாட் காலி, வேண்டும்போது 16 ஆக்கலாம்.
பெரிய 3டி வேலைக்கும் கேமுக்கும் இது சரிப்படாது.
எடை 1.7 கிலோ. விலையும் முழு ஸ்பெக்கும் அடுத்த படத்தில்."

மூன்றாவது வரியைக் கடைக்காரர்கள் முதலில் எதிர்ப்பார்கள். விற்பனையை நாமே தடுக்கிறோமே என்பார்கள். அந்த வரி இல்லாவிட்டால் கேம் விளையாட வாங்கிப்போகும் பையன் பத்தாம் நாள் திரும்பி வருவான். அது மட்டுமல்ல, குறையைச் சொல்லும் ஒரு வரி இருந்தால்தான் மேலே உள்ள இரண்டு வரியையும் அப்பா நம்புவார். நாலு வரியில் மூன்று எண்கள்தான் எஞ்சியிருக்கின்றன: 8, 16, 1.7. பிராசசர் பெயரே இல்லை. அதைத் தேடுகிறவர் எப்படியும் அடுத்த படத்துக்குப் போவார்.

ஸ்பெக் முழுவதும் எங்காவது இருந்தே ஆக வேண்டும். பயன் என்ற பெயரில் விவரத்தை மறைக்க முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட, தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களில் நமக்கு நேராகப் பொருந்தும் ஒரு விதி உண்டு. பொறுப்புத் துறப்பு வரி, விளம்பரம் எந்த மொழியில் சொல்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். ஏமாற்றும் ஒரு கூற்றைப் பொடி எழுத்தில் திருத்திக்கொள்ளவும் முடியாது. "நாள் முழுக்க பேட்டரி" என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே ஆங்கிலத்தில் சோதனை நிபந்தனைகளை ஒட்டுவது இந்த இரண்டிலும் மாட்டும். "முழு சார்ஜோடு கிளம்பினால்" என்பதை வாக்கியத்தின் உள்ளேயே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே மெஷினைக் கடைவீதியில் கணக்கு எழுதுகிறவருக்கு விற்க வேண்டும் என்று வையுங்கள். எடை அவருக்கு ஒரு பொருட்டில்லை, மேசையை விட்டு அது நகரப்போவதில்லை. ராம் ஸ்லாட்டும் பெரிதாகத் தேவைப்படாது. ஸ்பெக் பட்டியலில் எழுதப்படாத ஒன்று அவருக்கு முக்கியம்: 15.6 இஞ்ச் லேப்டாப்கள் பலவற்றில் வலப்பக்கம் தனி நம்பர் பேட் இருக்கும். பெட்டியைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துத்தான் அதை எழுத வேண்டும். பேட்டரியின் பொருளும் மாறிவிடுகிறது. கரண்ட் போனால் அடித்துக்கொண்டிருந்த பில் பாதியில் போகாது, நாலு மணி நேரத்துக்குக் கவலை இல்லை. ஆனால் ரவுட்டர் இன்வெர்ட்டரில் இல்லாவிட்டால் வைஃபை நின்றுவிடும். டேலி கணக்கு மெஷினிலேயே இருப்பதால் அது ஓடும், ஜிஎஸ்டி தளத்துக்கு செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட வேண்டியிருக்கும். ஆகவே "கரண்ட் போனாலும் எல்லா வேலையும் நடக்கும்" என்று எழுதக் கூடாது. அவருக்கான கேப்ஷன் இது:

"கரண்ட் போனாலும் டேலியில் பாதி போட்ட பில் அப்படியே இருக்கும், வேலை தொடரும்.
எண்களை வேகமாக அடிக்கத் தனி நம்பர் பேட். இன்னொரு மானிட்டர் இருந்தால் எச்டிஎம்ஐ வயரில் இணைத்து, ஒன்றில் பில், ஒன்றில் எக்செல் வைத்துக்கொள்ளலாம்.
லேன் வயர் துளை கிடையாது. வைஃபை அல்லது தனி அடாப்டர் வேண்டும்.
விலையும் முழு ஸ்பெக்கும் அடுத்த படத்தில்."